ஒரே ஃபிசியாலஜி பாடத்திலிருந்து நல்ல ஒரு மார்க் கேள்விகள்: தவறான விடையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு மார்க் கேள்வி எழுத உட்காருகிற பலரும் செய்வது இதுதான். பாடத்தைத் திறந்து, அடிக்கோடு போட்ட ஒரு வரியை எடுத்து, அதில் ஒரு சொல்லை உருவிக் கோடிட்ட இடமாக்கிவிடுவார்கள். உருவிய சொல் 'இ'-க்குப் போகும். மற்ற மூன்றுக்கும் மனதில் வந்ததை எழுதுவார்கள். இரண்டு வரை ஒப்பேற்றிவிடலாம். நான்காவதுக்கு வரும்போது சரக்கு தீர்ந்துபோய் 'மேற்கண்ட அனைத்தும்' என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கேள்வி மாணவருக்குப் பாடம் புரிந்ததா என்று சொல்லாது, அந்த வரியைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் தவறான விடைகள், அப்புறம்தான் கேள்வி. ஊட்டியில் நர்சிங் மாணவிகளுக்கு ஃபிசியாலஜி எடுப்பதால், ரத்தத்தில் ஆக்சிஜன் போக்குவரத்து என்கிற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு முழுக்கக் காட்டுகிறேன். 2240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாடத்தை நடத்துவதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. ஆபத்து என்னவென்று போகப்போகத் தெரியும்.

முதலில்: பாடத்தை ஒரு கட்டத்துக்குள் கொண்டுவருவது

தலைப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். தலைப்பு வாரியாகப் போனால் 'Bohr விளைவு என்றால் என்ன' மாதிரி வரையறைக் கேள்விகள்தான் வரும். அதற்குப் பதிலாக, இந்தப் பாடத்தில் மாறக்கூடிய அளவுகள் எவை, அவற்றை மாற்றும் நிலைமைகள் எவை என்று மட்டும் பாருங்கள். ஆக்சிஜன் பாடத்தில் மாணவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மூன்றே அளவுகளைத்தான்: தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்கிற செறிவு, 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் மொத்த ஆக்சிஜன். நான்காவதாக, கழுத்திலுள்ள கரோட்டிட் உடலம் தூண்டப்படுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

| நிலைமை | அழுத்தம் | செறிவு | மொத்த ஆக்சிஜன் | கரோட்டிட் உடலம் |
|---|---|---|---|---|
| சமவெளியிலிருந்து இன்று ஊட்டிக்கு வந்தவர் | குறைவு | சற்றுக் குறைவு | சற்றுக் குறைவு | லேசாகத் தூண்டப்படும் |
| ரத்தசோகை | இயல்பு | இயல்பு | குறைவு | தூண்டப்படாது |
| கார்பன் மோனாக்சைடு விஷம் | இயல்பு | குறைவு | குறைவு | தூண்டப்படாது |
| ஆண்டிஸ் மலையில் 4500 மீட்டரில் பிறந்து வாழ்பவர் | குறைவு | குறைவு | இயல்பு அல்லது கூடுதல் | பழகி மங்கியிருக்கும் |

இந்தக் கட்டம்தான் சுரங்கம். ஒரு வரிசையின் சரியான விடை, பக்கத்து வரிசைக்கு அப்படியே நம்பத்தக்க தவறான விடையாகிவிடுகிறது. ரத்தசோகையில் மொத்த ஆக்சிஜன் பாதியாகக் குறைந்தாலும் கரோட்டிட் உடலம் ஏன் சும்மா இருக்கிறது? அது அழுத்தத்தைத்தான் உணர்கிறது. அதன் எடைக்கு அது வாங்கும் ரத்த ஓட்டம் மிக அதிகம் என்பதால், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே அதன் தேவைக்கு ஏறத்தாழப் போதும். இந்தக் காரணம் புரியாத மாணவி 'ஆக்சிஜன் குறைந்தது, அதனால் தூண்டப்படும்' என்று போவாள். அவள் போகும் அந்த வழிதான் உங்களுக்கு வேண்டிய தவறான விடை. ஒரு பாடத்துக்கு இப்படி ஒரு கட்டம் போட முடியவில்லை என்றால் அது பெயர்களை மட்டும் அடுக்கும் பாடம். அதில் நல்ல கேள்வி எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது: தவறுகளை மாணவர் வாயிலிருந்தே எடுப்பது

பாடம் தெரிந்தவருக்குத் தவறாக யோசிக்க வராது. நாமாகக் கற்பனை செய்யும் தவறுகள் பெரும்பாலும் யாரும் செய்யாத தவறுகளாகவே இருக்கும். அதனால் ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல், கேள்வியை மட்டும் போர்டில் எழுதி, ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரியில் பதில் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உள்ளதை எழுதுவார்கள்.

'மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த ஒருவருக்கு ஊட்டியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். 'இங்க காத்துல ஆக்சிஜன் பர்சன்டேஜ் கம்மி மேம்' என்பதுதான் முதலில் வரும். அப்புறம் 'குளிர்ல நுரையீரல் சுருங்கிடும்', 'மலைக்கு வந்தா ஹீமோகுளோபின் இறங்கிடும்' என்றெல்லாம் வரும். மேட்டுப்பாளையத்திலும் தொட்டபெட்டா உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றின் மொத்த அழுத்தம். சதவீதம் குறைகிறது என்கிற எண்ணம் எவ்வளவு வலுவானது என்றால், பாடம் நடத்தி முடித்த பிறகும் பாதிப் பேர் அதையே எழுதுவார்கள். அந்தச் சீட்டுகளைக் கடாசிவிடாதீர்கள். அவர்கள் எழுதிய சொற்களிலேயே ஒரு நோட்டில் எடுத்து வையுங்கள், இலக்கணத்தை மட்டும் சரிசெய்தால் அவை ஆப்ஷன்கள்.

ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தவறான ஆப்ஷனுக்கும் பக்கத்தில், எப்படி யோசித்தால் ஒருவர் இங்கே வந்து நிற்பார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அந்த ஆப்ஷன் போகட்டும்.

எண் கேள்வியில் இது எப்படி நடக்கிறது

எண்களை வைத்துக் கேட்பது சுலபம், கெடுப்பதும் சுலபம். சரியான விடை 113 என்றால் 103, 123, 133 என்று பத்துப் பத்தாக நகர்த்தி எழுதிவிடுவார்கள். கணக்கில் தப்பு செய்தவளுக்கு அவளுடைய எண் ஆப்ஷன்களில் இருக்காது. உடனே 'ஓஹோ, தப்பாப் போட்டுட்டோம்' என்று திரும்பப் போடுவாள், அதாவது கேள்வித்தாளே அவளைத் திருத்திவிடுகிறது.

சரி, எங்கள் ஊர்க் கணக்கையே எடுப்போம். ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 585 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சுக்குழாயில் ஈரமான காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் எவ்வளவு? உடல் வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் 47, அதை முதலில் கழித்துவிட்டு 21 சதவீதம் எடுக்க வேண்டும்.

```
சரி:                          (585 − 47) × 0.21 = 113
நீராவியை மறந்தால்:              585 × 0.21 = 123
பெருக்கிவிட்டுக் கழித்தால்:      (585 × 0.21) − 47 = 76
கடல்மட்ட எண்ணைப் போட்டால்:    (760 − 47) × 0.21 = 150
```

ஆப்ஷன்கள் 76, 113, 123, 150, ஏறுவரிசையில். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறின் முடிவு என்பதால், மதிப்பெண் போட்ட பிறகு யார் 123 போட்டார், யார் 150 போட்டார் என்று பார்த்தாலே அடுத்த வகுப்பில் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். 150 போட்டவர்கள் புத்தகத்தில் இருந்த எண்ணை மனப்பாடம் செய்தவர்கள், 76 போட்டவர்களுக்குச் சூத்திரம் ஞாபகம் இருக்கிறது ஆனால் ஏன் கழிக்கிறோம் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கேள்வியில் 585 என்பதைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். ஊட்டியின் காற்றழுத்தத்தை மனப்பாடமாகக் கேட்பது ஃபிசியாலஜி இல்லை.

ஒரு கேள்வியை முழுக்க அடித்துத் திருத்துவது

இனி கட்டத்தின் மூன்றாவது வரிசை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில், குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வது இந்த மலையில் தெரிந்த விஷயம்தான், அதன் விளைவும் தெரிந்ததுதான். எங்கள் மாணவிகள் நாளை கேஷுவல்டியில் நின்று பார்க்கப்போகிற நோயாளி இவர். அதனால் இந்த ஒரு கேள்விக்கு நேரம் செலவழிப்பது தகும்.

முதல் வரைவில் மூன்று அளவுகளையும் ஒன்றாகக் கோர்த்துக் கேட்கலாம் என்று தோன்றும்:

அ) அழுத்தம் குறைவு, செறிவு குறைவு, மொத்த ஆக்சிஜன் குறைவு
ஆ) அழுத்தம் இயல்பு, செறிவு குறைவு, மொத்த ஆக்சிஜன் குறைவு
இ) அழுத்தம் இயல்பு, செறிவு இயல்பு, மொத்த ஆக்சிஜன் குறைவு
ஈ) அழுத்தம் குறைவு, செறிவு குறைவு, மொத்த ஆக்சிஜன் இயல்பு

விடை ஆ. பார்க்க அழகாக இருக்கிறது, நான்கும் கட்டத்தின் நான்கு வரிசைகள். ஆனால் பாடமே படிக்காத ஒரு சாமர்த்தியசாலி எண்ணிப் பார்ப்பான். 'செறிவு குறைவு' மூன்று தடவை, 'மொத்த ஆக்சிஜன் குறைவு' மூன்று தடவை. அதிகம் வருவது இரண்டும் சேர்ந்திருப்பது அ, ஆ மட்டும். ஒன்றும் தெரியாமலே பாதிக்குப் பாதி வாய்ப்பு. கேள்வி எழுதுபவர் சரியான விடையை வைத்துக்கொண்டு அதில் ஒவ்வொன்றாக மாற்றித்தான் தவறானவற்றை உருவாக்குகிறார் என்பதால், சரியான விடையின் துண்டுகள் எல்லா ஆப்ஷனிலும் சிதறிக் கிடக்கும். கோர்வையாக ஆப்ஷன் எழுதும்போதெல்லாம் இப்படி எண்ணிப் பாருங்கள்.

சரி, செறிவை எடுத்துவிட்டு அழுத்தம், மொத்த ஆக்சிஜன் இரண்டை மட்டும் வைத்தால்? குறைவு-குறைவு, இயல்பு-குறைவு, இயல்பு-இயல்பு, குறைவு-இயல்பு என்று நான்கும் சமமாக நிற்கும், எண்ணிப் பார்ப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் விஷவாயு தாக்கியவருக்கு அழுத்தம் குறைந்து மொத்த ஆக்சிஜன் மட்டும் இயல்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்? யாரும் இல்லை. அது செத்த ஆப்ஷன். அதை எடுத்துவிட்டு மூன்றாக்கினால், மறுபடியும் எண்ணுபவனுக்கு வழி திறந்துவிடுகிறது: 'இயல்பு' அழுத்தம் இரண்டு, 'குறைவு' ஆக்சிஜன் இரண்டு, இரண்டும் சேர்ந்தது ஒன்றே ஒன்று, அதுதான் விடை.

அதனால் கோர்வையையே கைவிட்டு, ஒரு ஆப்ஷனுக்கு ஒரு பொருள் என்று மாற்ற வேண்டியதுதான்:

*ஜன்னல் சாத்திய அறையில் கரி அடுப்புடன் தூங்கியவர், காலையில் கடுமையான தலைவலியுடன் வெளியே கொண்டுவரப்படுகிறார். நுரையீரல் நோய் எதுவும் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, சில நிமிடங்களாக வெளிக்காற்றைச் சுவாசிக்கிறார், ஆக்சிஜன் இன்னும் கொடுக்கவில்லை. ரத்தத்தின் அமிலத்தன்மை இயல்பு. இவருடைய தமனி ரத்தத்தில், முந்தைய நாள் மாலை அதே ஊரில் இருந்ததோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட மாறாமல் இருப்பது எது?*

அ) ஆக்சிஜனின் பகுதி அழுத்தம்
ஆ) ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபினின் சதவீதம்
இ) மொத்த ஆக்சிஜன்
ஈ) ஹீமோகுளோபின் பாதி நிறைவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அழுத்தம்

விடை அ. நுரையீரலில் காற்றும் ரத்தமும் வழக்கம்போலச் சந்திக்கின்றன, கரைந்த ஆக்சிஜனுக்கு ஒரு குறையும் இல்லை. 'ஆ'-வுக்குப் போகிறவர், விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதை நம்பியவர். அந்தக் கருவி கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணிக்கொள்ளும். 'இ'-க்குப் போகிறவர், ஹீமோகுளோபின் அளவு மாறவில்லையே, அப்புறம் ஆக்சிஜன் எப்படிக் குறையும் என்று யோசித்தவர். ஹீமோகுளோபின் கார்பன் மோனாக்சைடைப் பற்றுவது ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேல் என்பதால் இடம் பறிபோய்விடுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. 'ஈ'-க்குப் போகிறவர், எந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு நிறைகிறது என்று காட்டும் பிணைப்பு வளைகோட்டை நகர்த்துவது சூடு, அமிலம், கார்பன் டைஆக்சைடு போன்றவை மட்டுமே என்று பட்டியலாகப் படித்தவர். கார்பன் மோனாக்சைடு மீதி ஹீமோகுளோபினின் பிடியை இறுக்கி வளைகோட்டை இடப்பக்கம் தள்ளுவது அவர் பட்டியலில் இல்லை. மூன்றுமே பாடத்தைக் கொஞ்சம் படித்தவர் செய்யும் தவறுகள், அதுதான் நமக்கு வேண்டும்.

கேள்வி நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு சொல்லும் ஒரு ஓட்டையை அடைக்கிறது. 'ஆக்சிஜன் இன்னும் கொடுக்கவில்லை' என்பதை விட்டால் அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருக்கலாம். 'வெளிக்காற்று' இல்லையென்றால், மூடிய அறையில் நெருப்பே ஆக்சிஜனைத் தின்றிருக்குமே என்று வாதாடலாம். 'முந்தைய நாள் மாலை அதே ஊரில்' என்பதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன ஆபத்துக்கான தடுப்பு. புத்தகம் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 95 முதல் 100 என்கிறது, அது கடல்மட்டத்துக்கு. ஊட்டியில் நல்ல ஆரோக்கியமானவருக்கே அது 65, 70 பக்கம்தான் இருக்கும். மெக்சிகோ நகரமும் இதே 2240 மீட்டர்தான், அங்கேயும் அப்படித்தான். 'எது இயல்பு?' என்று மொட்டையாகக் கேட்டால், விவரம் தெரிந்த மாணவி 'இங்கே அழுத்தம் எப்படி இயல்பாகும்' என்று சரியாகவே யோசித்துத் தவறான விடைக்குப் போய்விடுவாள். ஊர்ப் பெயரைக் கேள்வியில் போட்டால் ஊரின் எண்களும் கூடவே வரும்.

ஆப்ஷன்களை மூடிவிட்டுப் படிப்பது, தமிழ் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

ஆப்ஷன்களைக் கையால் மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் ஒரு சக ஆசிரியரிடம் காட்டுங்கள். விடை அவர் வாயில் வர வேண்டும். 'பின்வருவனவற்றுள் சரியானது எது?' என்று கேட்டிருந்தால் வரவே வராது, ஏனென்றால் அங்கே கேள்வியே இல்லை. மேலே உள்ள கேள்வியில் 'மாறாமல் இருப்பது எது' என்றதும் கட்டத்தை அறிந்தவர் அழுத்தம் என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் மொழி. தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபே விடையைச் சொல்லிவிடும். கேள்வி 'எதனால்' என்று முடிந்து, ஒரே ஒரு ஆப்ஷன் 'குறைவதால்' என்று இருந்து மற்றவை வெறும் பெயர்ச்சொல்லாக நின்றால் முடிந்தது கதை. 'மட்டுமே', 'எப்போதும்', 'முற்றிலும்' வருகிற ஆப்ஷனை மாணவர்கள் பார்த்த உடனே அடித்துவிடுவார்கள். '-லாம்' என்று முடிவதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் அவர்கள் கணிப்பு சரியாகவும் இருக்கும், ஏனென்றால் சரியான விடைக்குத்தான் நாம் அவ்வளவு ஜாக்கிரதையாக 'குறையலாம்' என்று எழுதுகிறோம். நீளமான ஆப்ஷன் சரி என்பதும் அதே காரணத்தால்தான். 'எதைத் தவிர' கேள்விகளை நான் எழுதுவதில்லை.

எழுதிய பிறகு பார்க்க வேண்டியது

60 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 20 பேரையும் கீழே உள்ள 20 பேரையும் பிரித்து, ஒவ்வொரு ஆப்ஷனையும் எந்தக் கூட்டம் எடுத்தது என்று எண்ணுங்கள், காகிதத்தில் கோடு போட்டு எண்ணினாலே போதும். மொத்தத்தில் 5 சதவீதம் பேர்கூட, அதாவது மூன்று பேர்கூட எடுக்காத ஆப்ஷன் வேலை செய்யவில்லை என்பது வழக்கமான அளவுகோல். அதை மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். நல்ல மூன்று ஆப்ஷன் போதும் என்பதை மைக்கேல் ராட்ரிகெஸ் 2005-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். பல்கலைக்கழகத் தேர்வுக்கு நான்கு கட்டாயம் என்றால் வேறு வழியில்லை, வகுப்புத் தேர்வில் மூன்றே வையுங்கள்.

கீழ்க்கூட்டத்தைவிட மேல்கூட்டம் அதிகமாக எடுத்த தவறான ஆப்ஷன்தான் கவனிக்க வேண்டியது. பலர் இதைப் பார்த்ததும் 'நல்லா படிக்கிறவங்களே ஏமாந்துட்டாங்க, கேள்வி கஷ்டம்' என்று பெருமைப்படுவார்கள். உண்மையில் கேள்வியில் ஓட்டை இருக்கிறது. கரி அடுப்புக் கேள்வியில் 'அமிலத்தன்மை இயல்பு' என்கிற சொற்கள் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள், நன்றாகப் படிப்பவள் 'ஈ'-யை எடுப்பாள். கூப்பிட்டுக் கேட்டால், 'திசுக்களுக்கு ஆக்சிஜன் போகலன்னா லாக்டிக் அமிலம் வரும்ல மேம், அது வளைகோட்டை வலப்பக்கம் தள்ளும், கார்பன் மோனாக்சைடு இடப்பக்கம் தள்ளும், ரெண்டும் சேர்ந்து அப்படியே நிக்கும்னு நெனச்சேன்' என்பாள். அவள் சொல்வதில் என்ன தவறு இருக்கிறது? அந்த மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கேள்வியில் இரண்டு சொல் சேர்க்க வேண்டியதுதான்.

ஒரே பாடம் என்பதால் வரும் கசிவு

பல பாடங்களிலிருந்து எடுக்கும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. ஒரே பாடத்திலிருந்து பத்து பன்னிரண்டு கேள்வி எழுதினால், ஒன்றின் கேள்விப் பகுதி இன்னொன்றின் விடையைப் போகிறபோக்கில் சொல்லிவிடும். 'கரோட்டிட் உடலம் அழுத்தத்தை உணர்வதால், ரத்தசோகையில்...' என்று நான்காவது கேள்வி தொடங்கினால், கரோட்டிட் உடலம் எதை உணர்கிறது என்று கேட்கும் ஒன்பதாவது கேள்வி வீண். எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், ஒவ்வொரு கேள்வியின் விடையையும் ஒரு சொல்லாகச் சுருக்கி ஓரத்தில் எழுதிக்கொண்டு, அந்தச் சொல் மற்றக் கேள்விப் பகுதிகளில் எங்காவது தலைகாட்டுகிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். இந்தப் பாடத்தில் 'அழுத்தம்' என்கிற சொல்தான் எல்லா இடத்திலும் வந்து நிற்கும், நான்கு கேள்விக்கு அதுவே விடையாகவும் இருக்கும், அதில் இரண்டை அடுத்த தேர்வுக்குத் தள்ளிவிடுங்கள்.